நுழைவதெல்லாம் பொருந்துவதில்லை: தொலைந்த அடாப்டரும் தொடரும் அறியாமையும்

சிறு மின்கருவி ஒன்றின் அடாப்டர் தொலைந்துவிட்டால், படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடின்றி எல்லோரும் ஒரே சோதனையைத்தான் செய்கிறார்கள். மேசை இழுப்பறையில் கிடக்கும் வேறொரு அடாப்டரை எடுத்து, அதன் முனை கருவியின் துளைக்குள் நுழைகிறதா என்று பார்க்கிறார்கள். நுழைந்தால் பொருந்திவிட்டது என்று முடிவு செய்கிறார்கள். இந்த முடிவுக்கு அறிவியல் அடிப்படை எதுவும் கிடையாது. உருளை முனையின் வடிவம், அதன் வழியே வரும் மின்சாரத்தைப் பற்றி ஒரு செய்தியையும் சொல்வதில்லை. ஒரே அளவுள்ள முனையில் 5 வோல்ட்டும் வரலாம், 24 வோல்ட்டும் வரலாம். நடுவில் நேர்மின்னும் இருக்கலாம், எதிர்மின்னும் இருக்கலாம். ஓம் விதியைத் தேர்வில் பிழையின்றி எழுதித் தேறியவர்கள் நிறைந்த பல்கலைக்கழக வளாகங்களில்கூட இந்தப் பழக்கம் கேள்வியின்றி நிலவுவதுதான் வெட்கத்துக்குரியது.

இதைச் சிறு விஷயம் என்று ஒதுக்குவோர் ஆய்வு மாணவர் ஒருவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். மொழியியலில் முனைவர்ப் பட்ட ஆய்வு செய்பவர். ஐந்தாண்டுக் களப்பணியின் ஒலிப்பதிவுகள் அனைத்தையும் ஒரு 3.5 அங்குல வெளிப்புற வன்வட்டில் சேமித்து வைத்திருக்கிறார் என்று கொள்வோம். கையடக்க 2.5 அங்குல வட்டுகள் யுஎஸ்பி வடத்திலிருந்தே மின்சாரம் பெற்றுக்கொள்ளும். மேசைக்கான பெரிய வட்டுகளுக்கோ தனி அடாப்டர் தேவை. விடுதி அறையைக் காலி செய்யும் பரபரப்பில் அந்த அடாப்டர் தொலைந்துபோகிறது. அவர் கைவசம் இப்போது மூன்று அடாப்டர்கள் உள்ளன. ஒன்று பழைய ரௌட்டருடையது: 12 வோல்ட், 0.5 ஆம்பியர். மற்றொன்று மடிக்கணினியுடையது: 19 வோல்ட், 3.42 ஆம்பியர். மூன்றாவது தொலைக்காட்சி செட்டாப் பெட்டியுடையது: 12 வோல்ட், 2 ஆம்பியர். மூன்றும் துளைக்குள் நுழைகின்றன. வன்வட்டின் அடியில் 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. இந்த மூன்றில் ஒன்று அவருடைய தரவைக் காப்பாற்றும். ஒன்று அதைச் சிறுகச் சிறுகச் சிதைக்கும். ஒன்று ஒரே நொடியில் கருவியைச் செயலிழக்கச் செய்யும்.

முதலில், மூன்றும் ஏன் நுழைகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். இந்த உருளை முனைகளில் மிகப் பரவலானவற்றின் வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர். உள்துளையின் விட்டம் 2.1 அல்லது 2.5 மில்லிமீட்டர். இந்த 0.4 மில்லிமீட்டர் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. 2.1 துளையுள்ள முனை, 2.5 ஊசியுள்ள துளைக்குள் போகாது, ஆனால் 2.5 துளையுள்ள முனை, 2.1 ஊசியுள்ள துளைக்குள் எளிதில் போய்விடும். சற்றே தளர்வாக இருக்கும், ஆட்டினால் தொடர்பு விட்டுவிட்டு வரும், அவ்வளவுதான். மடிக்கணினி அடாப்டர்கள் பலவற்றின் முனை 2.5 வகை, 12 வோல்ட்டுச் சிறு கருவிகள் பலவற்றின் துளை 2.1 வகை. ஆக, தடுக்க வேண்டிய திசையில் தடுக்காமல், அதிக மின்னழுத்தமுள்ள முனைக்குக் குறைந்த மின்னழுத்தக் கருவி வழிவிட்டு நிற்கிறது. முனை தளர்வாக இருப்பதை உணர்ந்தால் அதை எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். ஆனால் பெரும்பாலோர் காகிதத்தை மடித்துச் செருகி அதை இறுக்கத்தான் முயல்கிறார்கள்.

இனி மின்னழுத்தம். மின்னழுத்தம் என்பது அடாப்டர் கருவியின் மீது திணிப்பது. கருவிக்கு அதில் தேர்வு இல்லை. 19 வோல்ட் கொடுத்தால் 19 வோல்ட்டும் வாயிலில் வந்து நிற்கும். மேற்சொன்ன வன்வட்டில் வாயிலுக்கு வரும் 12 வோல்ட் நேராக வட்டைச் சுழற்றும் மோட்டாரின் சுற்றுக்குப் போகிறது. இடையில் அதைக் குறைத்துக் கொடுக்கும் பகுதி பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால்தான் வட்டின் மின்பலகையில் டிவிஎஸ் என்னும் காப்பு டயோடு ஒன்றை வைத்திருக்கிறார்கள். 12 வோல்ட் பாதையில் உள்ள இந்த டயோடு, சுமார் 13 வோல்ட்டைத் தாண்டியதும் மின்சாரத்தைத் தன் வழியே தரைக்குத் திருப்பிவிடத் தொடங்கும். நொடியின் சிறு பகுதியே நீடிக்கும் மின்தாவலைத் தாங்குவதற்காக வடிவமைக்கப்பட்டது அது. தொடர்ந்து 19 வோல்ட் வந்தால் சூடேறி, உருகி, நிரந்தரக் குறுக்கிணைப்பாக மாறிவிடும். அதாவது தன்னை எரித்துக்கொண்டு வட்டைக் காக்கும். எல்லா மின்பலகையிலும் அது வேளைக்கு முந்திக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. மோட்டாரை இயக்கும் சில்லும் சேர்ந்து எரிந்துவிடுவது உண்டு.

வேறு கருவிகளில் சேதம் வேறு இடத்தில் தோன்றும். 5 வோல்ட்டில் இயங்கும் கருவியின் உள்ளே உள்ள மின்பகுப்பு மின்தேக்கிகள் பெரும்பாலும் 6.3 அல்லது 10 வோல்ட்டுக்கு மட்டுமே தரமிடப்பட்டவை. அதில் 12 வோல்ட் முனையைச் செருகினால் அவை சூடாகி, உள்ளே வாயு உண்டாகி, தலை புடைத்துக் கசியும். மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் சில்லு எரிந்து குறுக்கிணைப்பாகிவிட்டால், வாயிலில் வரும் அழுத்தம் முழுவதும் உள்ளே உள்ள நுண்செயலியின் மீது விழும். அதற்குப் பின் அந்தக் கருவியில் பழுதுபார்க்க எதுவும் மிஞ்சாது.

‘நான் 12 வோல்ட் ரௌட்டரில் 15 வோல்ட் போட்டேன், ஒன்றும் ஆகவில்லையே’ என்று சான்று காட்டுவோர் எப்போதும் உண்டு. சில ரௌட்டர்களின் உள்ளே இருக்கும் மின்னழுத்த மாற்றி, அகலமான உள்ளீட்டு வரம்பை ஏற்பதாக அமைந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் அது அந்தக் கருவியை வடிவமைத்தவர் அளித்த தற்செயலான இடைவெளியே தவிர, அனைத்துக் கருவிகளுக்குமான விதி அன்று. பிழைத்தவர் மட்டும் கதை சொல்கிறார். எரிந்த கருவிக்குச் சொந்தக்காரர் அதைக் குப்பையில் போட்டுவிட்டு ‘கம்பெனி மட்டம்’ என்று முடித்துக்கொள்கிறார். ஆய்வு முறையியலில் இத்தகைய சான்றை முதலாண்டு மாணவர்கூட ஏற்கமாட்டார். அடாப்டர் விஷயத்தில் மட்டும் பேராசிரியர்களும் ஏற்றுக்கொள்கிறார்கள். அச்சிட்ட எண்ணிலிருந்து ஏறத்தாழ 5 விழுக்காடு வரை விலகலாம். 19 வோல்ட்டுக்கு 19.5 வோல்ட் கொடுப்பதில் தவறில்லை. அதற்கு மேல் எந்தச் சலுகையும் எடுத்துக்கொள்ளலாகாது.

மின்னழுத்தத்தை இவ்வளவு அலட்சியமாக நடத்தும் பொதுப்புத்தி, மின்னோட்டத்தைக் கண்டு மட்டும் தேவையில்லாமல் அஞ்சுகிறது. ‘கருவிக்கு 1.5 ஆம்பியர், அடாப்டரில் 2 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது, அதிக ஆம்பியர் உள்ளே போய் எரித்துவிடும்’ என்பது கடைத்தெருவிலும் ஆய்வகத்திலும் ஒருசேரக் கேட்கும் வாக்கியம். இது முழுத் தவறு. மின்னழுத்தத்தை அடாப்டர் திணிக்கிறது. மின்னோட்டத்தையோ கருவி தனக்கு வேண்டிய அளவே இழுத்துக்கொள்கிறது. கருவியின் மேல் உள்ள ஆம்பியர் அதன் தேவை. அடாப்டரின் மேல் உள்ள ஆம்பியர் அதன் திறன். திறன் தேவைக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். எவ்வளவு அதிகமாக இருந்தாலும் தீங்கில்லை. ஊருக்கு நீர் வழங்கும் பெரிய தொட்டியிலிருந்து வீட்டுக் குழாயைத் திறப்பவர், தொட்டி பெரிது என்பதற்காக வீடு மூழ்கிவிடும் என்று அஞ்சுவதில்லை.

இந்த அச்சம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. அதற்கு ஒரு வரலாறு உண்டு. முன்பு வந்த கனமான அடாப்டர்களின் உள்ளே இரும்பு உள்ளகம் கொண்ட மின்மாற்றி இருந்தது. அவற்றில் பலவற்றுக்கு மின்னழுத்தத்தை நிலைப்படுத்தும் சுற்று கிடையாது. 9 வோல்ட், 1 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தால், சரியாக 1 ஆம்பியர் இழுக்கும்போதுதான் 9 வோல்ட் கிடைக்கும். சுமை குறைந்தால் அழுத்தம் ஏறும்; சுமையே இல்லாமல் அளந்தால் 12, 13 வோல்ட் காட்டும். அப்படிப்பட்ட அடாப்டரில், மிகக் குறைவாக இழுக்கும் வானொலி ஒன்றைச் செருகினால் கருவிக்கு ஆபத்து நேர்ந்தது உண்மையே. ஆனால் அதைக் கெடுத்தது ஆம்பியர் அன்று. ஆம்பியர் குறைந்ததால் ஏறிய வோல்ட். இன்றைய எடை குறைந்த அடாப்டர்கள் அழுத்தத்தை நிலையாக வைத்திருக்கும் வகையைச் சேர்ந்தவை. காரணம் பெரும்பாலும் மறைந்துவிட்ட பின்னும் அச்சம் மட்டும் மரபாகக் கடத்தப்பட்டு வருகிறது. கையில் எடுத்தால் செங்கல்போல் கனக்கும் பழைய அடாப்டர் கிடைத்தால் மட்டுமே இந்த எச்சரிக்கை இன்றும் பொருந்தும்.

உண்மையில் அஞ்ச வேண்டியது ஆம்பியர் குறைவதைக் கண்டு. 0.5 ஆம்பியர் ரௌட்டர் அடாப்டரை அந்த வன்வட்டில் செருகினால் என்ன நடக்கும்? நின்றிருக்கும் வட்டு சுழலத் தொடங்கும்போதுதான் மிக அதிக மின்னோட்டத்தைக் கேட்கும், 3.5 அங்குல வட்டுகள் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட் பாதையில் 2 ஆம்பியர் வரை இழுப்பது உண்டு. சிறிய அடாப்டரால் அதைத் தர இயலாது. அழுத்தம் சரியும், மோட்டார் நிற்கும், சுமை நீங்கியதும் அழுத்தம் மீளும், மோட்டார் மீண்டும் முயலும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ‘டிக், டிக்’ என்ற ஒலி கேட்கும். விளக்கு எரிந்து அணையும். வட்டு கெட்டுவிட்டது என்று எண்ணித் தரவு மீட்பு நிலையத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கப் புறப்படுவோர் முதலில் அடாப்டரின் எண்ணைப் படிக்கட்டும். இதைவிடக் கொடியது, தேவைக்குச் சற்றே குறைவான அடாப்டர். அதில் வட்டு எப்படியோ சுழன்றுவிடும், படிக்கும், கோப்புகளைக் காட்டும். ஆனால் எழுதும் நேரத்தில் அழுத்தம் ஒரு கணம் சரிந்தால், பாதி எழுதிய கோப்பும் அட்டவணையும் முரண்பட்டுக் கோப்பமைப்பே சிதையும். அடாப்டரோ தொட முடியாத அளவுக்குச் சுடும். கருவி திடீரென மறுதொடக்கம் ஆவது, அடாப்டர் அளவுமீறிச் சுடுவது, வேலை கூடும்போது மட்டும் இணைப்பு அறுவது ஆகிய மூன்றும் ஆம்பியர் போதவில்லை என்பதன் அடையாளங்கள்.

மூன்றாவது, மிகக் குறைவாகப் பேசப்படுவது, முனைமை. நடு ஊசியில் நேர்மின்னா, வெளி உறையில் நேர்மின்னா என்பதே கேள்வி. இதைக் காட்டும் சிறு படம் அடாப்டரின் மேல் இருக்கும்: நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றித் திறந்த வளையம், இரண்டிலிருந்தும் இரு பக்கம் நீளும் கோடுகள், அவற்றின் முடிவில் கூட்டல், கழித்தல் குறிகள். புள்ளியிலிருந்து செல்லும் கோடு கூட்டல் குறியைத் தொட்டால் நடு நேர்மின். கழித்தலைத் தொட்டால் நடு எதிர்மின். கருவியின் துளை அருகிலும் இதே படம் இருந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இதற்கு மேல் இதில் கற்க எதுவும் இல்லை. ஆயினும் இந்தப் படத்தைப் படிக்கத் தெரிந்த முதுகலை மாணவரைக் காண்பது அரிது.

இன்றைய கருவிகளில் மிகப் பெரும்பாலானவை நடு நேர்மின் வகை. அதனால் கண்ணை மூடிச் செருகுபவர் பலமுறை தப்பித்துவிடுகிறார். ஆனால் கிதாரோடு இணைக்கும் ஒலி விளைவுப் பெடல்களில் 9 வோல்ட், நடு எதிர்மின் என்பதே நடைமுறைத் தரம். பழைய மின்விசைப்பலகைகளும் வானொலிகளும் சிலவும் அப்படியே. இது யாருடைய விளையாட்டும் அன்று. மின்கலத்திலும் இயங்கும் கருவியில், அடாப்டர் முனை நுழைந்தவுடன் மின்கலத்தைத் துண்டிக்க ஒரு சுவிட்சு தேவை. உருளைத் துளையில் அந்தச் சுவிட்சு வெளி உறையைத் தொடும் தகட்டோடுதான் அமைந்திருக்கிறது. மின்கலத்தின் நேர்மின் பக்கத்தைத் துண்டிக்க விரும்பிய வடிவமைப்பாளர்கள், நேர்மின்னை வெளி உறைக்குக் கொண்டுவந்தார்கள். நடு ஊசிக்கு எதிர்மின் மிஞ்சியது. காரணம் நியாயமானது. ஆனால் அதே 5.5 மில்லிமீட்டர் முனையை இரு எதிர் முறைகளுக்கும் பயன்படுத்தலாம் என்று விட்டுவைத்ததில் நியாயம் எதுவும் இல்லை.

முனைமை மாறினால் சேதம் எப்படி நிகழ்கிறது? மின்பகுப்பு மின்தேக்கியின் உள்ளே அலுமினியத் தகட்டின் மேல் படிந்த மெல்லிய ஆக்சைடுப் படலமே காப்பாக நிற்கிறது. தலைகீழ் அழுத்தத்தில் அது சிதைகிறது. மின்தேக்கி சூடாகி வெடிக்கக்கூடும். சில்லுகளின் உள்ளே இயல்பாகவே அமைந்திருக்கும் டயோடுகள் தலைகீழ் அழுத்தத்தில் திறந்துகொள்ள, அடாப்டர் தரக்கூடிய முழு மின்னோட்டமும் அவற்றின் வழியே பாய்கிறது. ‘அதிக ஆம்பியர்’ பற்றிய அச்சம் பொருள்படும் இடம் இது ஒன்றே: பிழை நேர்ந்தபின், பெரிய அடாப்டர் பெரிய சேதத்தைச் செய்யும்.

இதைத் தடுக்க வழி இல்லையா? உண்டு, அது மிக மலிவானது. மாணவர்கள் பயிற்சிக்கு வாங்கும் ஆர்டுயினோ ஊனோ பலகையை எடுத்துப் பார்க்கலாம். அதன் உருளைத் துளையை அடுத்து, நேர்மின் பாதையில் ஒரு டயோடு தொடராக வைக்கப்பட்டுள்ளது. முனைமை மாறிய அடாப்டரைச் செருகினால் டயோடு கதவை அடைத்துக்கொள்ளும். பலகை இயங்காது, எரியவும் செய்யாது. சரியான அடாப்டரைச் செருகினால் மீண்டும் இயங்கும். அந்த டயோடின் விலை ஒன்றிரண்டு ரூபாயைத் தாண்டாது. மாணவர் பயிற்சிப் பலகையில் உள்ள இந்தக் காப்பு, பத்து மடங்கு விலையுள்ள கருவிகள் பலவற்றில் இல்லை. சில நிறுவனங்கள் டயோடைத் தொடராக வைக்காமல் குறுக்கே வைக்கின்றன. முனைமை மாறினால் அது குறுக்கிணைத்து அடாப்டரை நிறுத்த முயலும். பெரும்பாலும் தானே எரிந்துபோகும். அப்போது கருவி ‘செத்துவிட்டது’ போலத் தோன்றினாலும், திறமையான பழுதுபார்ப்பவர் அந்த ஒரு டயோடை மாற்றியே அதை உயிர்ப்பித்துவிடுவார். இதை அறியாத வாடிக்கையாளரிடம் ‘போர்டு போய்விட்டது, புதிது வாங்குங்கள்’ என்று சொல்லும் சேவை மையங்கள் கருவியைப் பழுதுபார்க்கவில்லை. வாடிக்கையாளரின் அறியாமையை விற்கின்றன.

மூன்று எண்களையும் படித்துவிட்டோம் என்று நிம்மதி கொள்வதற்கு முன் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, அடாப்டரின் வெளியீடு நேர்மின்னோட்டமா, மாறுமின்னோட்டமா என்பது. நேர்க்கோடும் அதன் கீழே மூன்று சிறு கோடுகளும் இருந்தால் நேர்மின்னோட்டம். அலை வடிவக் குறி இருந்தால் மாறுமின்னோட்டம். உள்ளீட்டு வரியில் அலைக்குறி எப்போதும் இருக்கும். பார்க்க வேண்டியது வெளியீட்டு வரியை. பழைய மோடம்கள் சிலவற்றுக்கு 9 வோல்ட் மாறுமின்னோட்ட அடாப்டர் வந்தது. அதை நேர்மின் கருவியில் செருகினால் நொடிக்கு ஐம்பது முறை முனைமை மாற்றிச் செருகியதற்குச் சமம்.

மற்றொன்று, அடாப்டருக்கும் உண்மையான சார்ஜருக்கும் உள்ள வேறுபாடு. பேச்சு வழக்கில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் வெளியீடு 4.2, 8.4 அல்லது 12.6 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் அது லித்தியம் அயனிக் கலங்களை நேரடியாக நிரப்பும் சார்ஜர். ஒரு கலத்தின் உச்ச அழுத்தமான 4.2 வோல்ட்டின் மடங்குகளே அந்த எண்கள். எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அந்தச் சார்ஜரே தீர்மானிக்கிறது. ‘8.4க்கு 9 கிட்டத்தட்டச் சரிதானே’ என்று சாதாரண அடாப்டரைச் செருகினால் கலங்கள் அளவுமீறி நிரம்பி, வீங்கி, தீப்பற்றவும் கூடும். மேலே சொன்ன ‘அதிக ஆம்பியர் தீங்கில்லை’ என்னும் விதியும் இங்கே செல்லாது. மலிவான அவசர விளக்குகள், பொம்மைகள் சிலவற்றிலும் மின்கலத்துக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது வெளியே உள்ள சார்ஜர்தான். இவற்றுக்கு அதே வகைச் சார்ஜர் தவிர மாற்று கிடையாது.

அந்த ஆய்வு மாணவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: செட்டாப் பெட்டியின் 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரை எடுத்து, வெளியீடு நேர்மின்னோட்டம் என்று உறுதிசெய்து, முனைமைப் படத்தை வட்டின் படத்தோடு ஒப்பிட வேண்டும். படம் அழிந்திருந்தால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பன்மானி போதும். அதை 20 வோல்ட் நேர்மின் அளவில் வைத்து, சிவப்பு முனையை உருளையின் உள்ளேயும் கறுப்பு முனையை வெளி உறையிலும் தொட வேண்டும். 12க்கு அருகில் ஓர் எண் வந்தால் நடு நேர்மின். அதே எண் கழித்தல் குறியோடு வந்தால் நடு எதிர்மின். உள்ளே செல்லும் முனை வெளி உறையையும் சேர்த்துத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். மொத்த வேலையும் இரண்டு நிமிடம்.

19 வோல்ட்டை ஏற்கெனவே செருகிவிட்டிருந்தாலும் நிலைமை முடிந்துவிடவில்லை. சரியான அடாப்டரைச் செருகியும் வட்டு ஓசையின்றிக் கிடந்து, அடாப்டரின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால், உள்ளே குறுக்கிணைப்பு என்று பொருள். மீண்டும் மீண்டும் செருகிப் பார்ப்பதை உடனே நிறுத்த வேண்டும். காந்தத் தட்டுகளில் உள்ள தரவு பெரும்பாலும் அப்படியே இருக்கும். எரிந்தது பெட்டியின் இணைப்புப் பலகையாகவோ, வட்டின் காப்பு டயோடாகவோ இருக்கலாம். அனுபவமுள்ளவர் கையில் அந்த டயோடை நீக்கியே வட்டை எழுப்பித் தரவைப் படியெடுக்க முடியும். இணையத்தில் அதே மாதிரி வட்டு வாங்கிப் பலகையை மாற்றிப் பார்ப்பது பலன் தராது. ஒவ்வொரு வட்டுக்கும் உரிய அளவீடுகள் அதன் சொந்தப் பலகையிலுள்ள சிறு நினைவகச் சில்லில் இருக்கின்றன. சில பெட்டிகளில் இணைப்புப் பலகையே தரவை மறையாக்கம் செய்கிறது. ஆகவே எரிந்த பலகையையும் எறிந்துவிடலாகாது.

இவ்வளவுக்கும் பொறுப்பு யாருடையது? ‘பயனர் கவனக்குறைவு’ என்பது நிறுவனங்களின் ஆயத்த விடை. ‘எங்கள் அசல் அடாப்டரை மட்டுமே பயன்படுத்துங்கள்’ என்பது அவற்றின் ஆயத்த அறிவுரை. மூன்றாண்டில் உற்பத்தியை நிறுத்திவிட்ட மாதிரிக்கு அசல் அடாப்டர் எங்கே கிடைக்கும்? கருவிக்கு வேண்டியது பெயரோ முத்திரையோ அன்று. சரியான மின்னழுத்தம், போதிய மின்னோட்டம், சரியான முனைமை. அந்த மூன்றையும் கருவியின் மேலேயே அச்சிடாமல், அடாப்டரின் மேல் மட்டும் அச்சிட்டுவிட்டு, அடாப்டர் தொலைந்தபின் பயனரைக் குறை சொல்வது நேர்மையற்ற செயல். தொலையக்கூடிய பொருளின் மீது மட்டும் முகவரியை எழுதி வைப்பதற்கு ஒப்பானது அது.

அடாப்டர்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு இருக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். ‘ஆர்’ என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவெண்ணை அமைவனத்தின் செயலியில் சரிபார்க்கலாம். அது இல்லாத அடாப்டரை வாங்கவே கூடாது. ஆனால் அந்தப் பதிவு, அடாப்டர் தன்னளவில் பாதுகாப்பானதா, வீட்டு மின்சாரம் வெளியே கசியாமல் பிரிக்கப்பட்டிருக்கிறதா என்பதைப் பற்றியது. குறிப்பிட்ட கருவிக்கு அது பொருந்துமா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. முறையாகப் பதிவுபெற்ற 19 வோல்ட் அடாப்டர் 12 வோல்ட் கருவியை முறையாகவே எரிக்கும்.

‘யுஎஸ்பி சி வந்துவிட்டது, இந்தச் சிக்கல் தானே ஒழியும்’ என்பது அடுத்த ஆறுதல். அந்த முறை மேலானது என்பதில் ஐயமில்லை. அதில் மின்சாரம் 5 வோல்ட்டில்தான் தொடங்கும். கருவி கேட்டு, அடாப்டர் ஒப்புக்கொண்ட பிறகே அழுத்தம் உயரும். முனையைத் திருப்பிச் செருகினாலும் முனைமை மாறாது. உருளை முனை ஒருபோதும் செய்யாத உரையாடலை அது செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் கைப்பேசி, கேமரா உள்ளிட்ட கருவிகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. ஆனால் அந்தப் பட்டியல் மின்கலம் நிரப்பும் கையடக்கக் கருவிகளைப் பற்றியது. மின்கலமே இல்லாத ரௌட்டரும் மேசை வன்வட்டும் அதில் இல்லை. அதோடு, யுஎஸ்பி சி அடாப்டரிடமிருந்து 9 அல்லது 12 வோல்ட்டைக் கேட்டுப் பெற்று உருளை முனையில் தரும் வடங்களும் சந்தையில் விற்கின்றன. பழைய சிக்கல் புதிய சட்டையில் திரும்பி வருகிறது. தில்லியின் நேரு பிளேஸிலும் மும்பையின் லேமிங்டன் சாலையிலும் குவிந்து கிடக்கும் உருளை முனைகள் இன்னும் பல்லாண்டுகள் புழங்கத்தான் போகின்றன.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. நிறுவனங்கள் மின்னழுத்தம், மின்னோட்டம், முனைமைப் படம் ஆகிய மூன்றையும் கருவியின் துளை அருகே அழியாமல் அச்சிட வேண்டும். முனைமை மாறினால் காக்கும் டயோடை விதிவிலக்கின்றி வைக்க வேண்டும். பல்கலைக்கழகத் துறைகள் கருவியைப் பதிவேட்டில் ஏற்றும்போதே அதன் அடாப்டரின் எண்களையும் உடன் எழுத வேண்டும்; கருவியின் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதி அடாப்டர் வடத்தில் ஒட்ட வேண்டும். எந்தத் துறை அலுவலகத்தின் இழுப்பறையையும் திறந்தால் உரிமை கோர ஆளில்லாத பத்து அடாப்டர்கள் கிடைக்கும். அவற்றில் ஒன்று யாரோ ஒருவருடைய ஐந்தாண்டு உழைப்பின் மீது செருகப்படக் காத்திருக்கிறது. இயற்பியல் ஆய்வகங்கள், மின்தடைகளை வரிசையாகவும் பக்கமாகவும் இணைத்துக் கணக்கிடும் பயிற்சியோடு, ஓர் அடாப்டரின் பின்புறத்தைப் படித்துப் பன்மானியால் சரிபார்க்கும் பயிற்சியையும் ஒரு மணி நேரம் சேர்க்கட்டும். மானுடவியல், மொழியியல் மாணவர்களுக்கும் அந்த ஒரு மணி நேரம் கட்டாயமாகட்டும். ஈடு செய்ய இயலாத தரவை அதிகம் சுமப்பவர்கள் அவர்கள்தாம்.